வாடிக்கையாளர் சொன்னதில் எதைப் போடலாம்?

காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கிற குதிரைவாலி, இன்று அரிசியாகி, பொட்டலமாகி, கூரியரில் வெளியூர் போகிறது. விற்பவர் ஒரு இணையதளம் வைத்திருக்கிறார். அதில் 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். வாங்க வருகிறவர் அதைப் படித்த பிறகுதான் சந்தேகப்படவே ஆரம்பிக்கிறார் என்பதுதான் வேடிக்கை. அங்கே இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி. யாருடைய தளத்திலிருந்தும் எடுத்ததல்ல, பாணியைக் காட்ட நானே எழுதியது:

"உலகத்திலேயே இப்படி ஒரு குதிரைவாலி கிடையாது! 100% இயற்கை! ஒரே மாதத்தில் என் சர்க்கரை நோய் முழுக்கக் குணமாகி, மாத்திரையையே நிறுத்திவிட்டேன். எல்லோரும் வாங்குங்கள்!! – ஒரு வாடிக்கையாளர், சென்னை."

இதைத் திருத்தச் சொன்னால் பலரும் ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு, 'முழுக்க' என்பதை 'ஓரளவு' என்று மாற்றித் தருவார்கள். அது போதாது. வாடிக்கையாளரை ஒரு சாட்சியாக நினைத்துக்கொண்டு, கூண்டில் ஏற்றினால் இவர் எதைச் சொல்ல முடியும் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். உலகத்துக் குதிரைவாலி எல்லாவற்றையும் இவர் தின்று பார்க்கவில்லை. வயலில் உரம் போட்டார்களா, மருந்து அடித்தார்களா என்று நின்று பார்க்கவும் இல்லை. 'இயற்கை விளைச்சல்' என்று சொல்ல வேண்டியது விற்பவர், அதுவும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு. வாங்கியவர் வாயால் அதைச் சொல்லவைப்பது ஆதாரம் ஆகாது. இந்த இரண்டு வாக்கியமும் போகட்டும்.

சர்க்கரை நோய் வாக்கியத்தின் கதை வேறு. அவர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருக்கலாம், மனதார நம்பவும் செய்யலாம். சோற்றைக் குறைத்த அதே மாதத்தில் நடைப்பயிற்சி தொடங்கியிருப்பார், மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியிருப்பார். எது எதனால் வந்தது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய எண்ணம் அவரோடு இருக்கும்வரை தொல்லை இல்லை. விற்பவர் அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்ட நிமிடமே அது விளம்பரம் ஆகிவிடுகிறது. 'நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்' என்று ஒதுங்க முடியாது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. இன்னின்ன நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது, அதில் நீரிழிவும் உண்டு. சட்டத்தை விடுங்கள். அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் மாத்திரையை நிறுத்தினால்? இந்த வாக்கியத்தை மென்மையாக்கவே கூடாது. முழுதாக எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவது 'எல்லோரும் வாங்குங்கள்' மட்டும். ஆகவே இதை உட்கார்ந்த இடத்திலிருந்து திருத்தி எழுத முடியாது. அந்த வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட வேண்டும். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். கேட்கிற விதம் வேறு. முதலில் எப்போது வாங்கினீர்கள்? எவ்வளவு? மறுபடியும் வாங்கினீர்களா? இதற்கு முன்னால் எங்கே வாங்கிக்கொண்டிருந்தீர்கள், அதில் என்ன குறை? என்ன சமைக்கிறீர்கள்? வீட்டில் யாருக்குப் பிடிக்கவில்லை? ஏதாவது தப்பாகப் போனதா? கடைசி இரண்டு கேள்விகளை விற்பவர்கள் கேட்கவே பயப்படுவார்கள். நல்ல விஷயம் கிடைப்பது அங்கேதான்.

நம் எடுத்துக்காட்டையே தொடர்ந்தால், போனில் கிடைப்பது இப்படி இருக்கலாம்:

"நாலு மாசமா மாசம் ரெண்டு கிலோ வாங்குறேன். முன்னாடி வாங்குன இடத்துல கல்லு நிறைய கெடக்கும், அரிக்கவே நேரம் போயிரும். இதுல இதுவரைக்கும் கல்லு படல. மொதத் தடவ ரெண்டரைக்கு மேல தண்ணி வச்சு கொழைஞ்சு போச்சு. இப்ப ஒண்ணுக்கு ரெண்டுதான் வைக்கிறேன். மத்தியானச் சோத்துக்குப் பிள்ளைக ஒத்துக்கல, ராத்திரி உப்புமான்னா சாப்பிடுதுக."

இதில் புகழ்ச்சி என்று ஒரு சொல் கூட இல்லை. ஆனால் குதிரைவாலி வாங்கிப் பழகியவருக்குக் கல் என்றால் என்னவென்று தெரியும், மாதம் இரண்டு கிலோ என்றால் உண்மையாகவே சமைக்கிற வீடு என்றும் புரியும். குழைந்துபோன சங்கதி விற்பனையைக் கெடுக்காது. அடுத்து வாங்குகிறவர் தண்ணீரைக் குறைத்து வைப்பார், 'சரியில்லை' என்று திட்டி எழுதுகிற ஒருவர் குறைவார்.

இனி எழுத்து வேலை. இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: வெட்டலாம், ஒட்டக் கூடாது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், சுற்றி வளைத்ததைக் குறைக்கலாம். அவர் சொல்லாத ஒரு சொல்லைச் சேர்க்கக் கூடாது. 'கொழைஞ்சு போச்சு' என்பதை 'குழைந்துவிட்டது' என்று ஆக்கலாம்தான், ஆனால் பேச்சை அப்படியே விட்டால் அது ஒரு மனுஷி பேசுவது போல இருக்கும். எல்லாக் கருத்தும் ஒரே நடையில் இருந்தால், எழுதியவர் ஒரே ஆள் என்று படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். வெட்டுவதிலும் ஒரு நாணயம் வேண்டும். 'ருசி நல்லாருக்கு, ஆனா ரெண்டாவது மாசம் வண்டு வந்துருச்சு' என்பதில் பின்பாதியை வெட்டினால் அது பொய்தான். வண்டு வரத்தான் செய்யும். தவிடு முழுக்க நீக்காத சிறுதானிய அரிசி அதிக நாள் தாங்காது, காறல் வாடையும் வரும். அந்தக் கருத்தை முழுதாகப் போட்டு, 'கொஞ்சமாக வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்' என்று விற்பவரின் பதிலைக் கீழே சேர்ப்பதுதான் சரி.

திருத்தியதை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இப்படிப் போடலாமா?' என்று கேட்டு, வந்த பதிலை பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் போடச் சம்மதமில்லை என்றால் முதல் எழுத்தும் ஊரும் போதும், கூடவே மாதமும் ஆண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ இதையே. கருத்து உண்மையானதாக, ஓரளவு அண்மையதாக, போதுமான அனுபவத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், விற்பவரோடு உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது. மச்சினன் எழுதியிருந்தால் மச்சினன் என்று போடுங்கள். இலவசமாக அரைக் கிலோ அனுப்பிச் சமைத்துப் பார்க்கச் சொன்னீர்கள் என்றால் அதையும் போடுங்கள். தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

தேதி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். தை வாக்கில் அறுவடை முடிந்து புதுத் தானியம் வருகிறது. வேறு ஊர்க் களத்திலிருந்து வாங்கியிருக்கலாம், ஆலை மாறியிருக்கலாம், கல் நீக்குகிற இயந்திரம் பழுதாகிக் கிடக்கலாம். போன வருஷத்துப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்ன 'கல்லு படல' இந்த வருஷத்துக்குப் பொருந்துமா என்று அந்த வாடிக்கையாளருக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரியும். பொருந்தாவிட்டால் அந்தக் கருத்தை இறக்கிவிட்டு, புதுச் சரக்கு வாங்கியவர்களுக்குப் போன் போட வேண்டியதுதான்.