ஒரு போஸ்டர், ஒரு நோட்டீஸ், ஒரு கார்டு

ஓர் ஊரில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டும். வீடு வீடாகக் கொடுக்க ஒரு நோட்டீஸ் வேண்டும். பெயர் பதிந்தவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்க ஒரு கார்டு வேண்டும். மூன்றிலும் இருக்கப்போவது ஒரே விஷயம்தான்: மேலே முகாமின் பெயர், நடுவில் ஒரு படம், கீழே இடமும் தேதியும். ஒன்றை வரைந்து அதையே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கலாம். மூன்று தாளும் ஏ வரிசையைச் சேர்ந்தவையாக இருந்தால் உருவம் கோணாது. ஆனால் உருவம் கோணாமல் வருவது வேறு, அச்சான பிறகு படிக்க முடிவது வேறு. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

உருவம் ஏன் கோணாது என்பதைப் பழைய தாள் ஒன்றை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கங்களில் ‘டெம்மி 1/8’ என்று நூல் அளவைக் குறிப்பார்கள். டெம்மி என்பது 18 அங்குலத்துக்கு 23 அங்குலம் உள்ள முழுத்தாள். அகலத்தைப்போல அதன் உயரம் 1.28 மடங்கு. அதைப் பாதியாக மடித்தால் பதினொன்றரைக்கு 18, இப்போது 1.57 மடங்கு, அதாவது ஒல்லியான தாள். இன்னொரு முறை மடித்தால் 9-க்குப் பதினொன்றரை, மறுபடியும் 1.28, பழைய பருமன் வந்துவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் தாளின் வடிவம் மாறி மாறி வருவதால், முழு டெம்மிக்கு வரைந்த படத்தை அரை டெம்மியில் அப்படியே பொருத்த முடியாது. ஒன்று, பக்கத்தில் வெற்றிடம் விழும். இல்லையென்றால் படத்தை இழுத்து நீட்ட வேண்டியிருக்கும்.

எத்தனை முறை மடித்தாலும் வடிவம் மாறாத தாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் நீளம் அகலத்தைப்போல 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூல மடங்கு இருக்க வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் கிறிஸ்டோஃப் லிக்டன்பெர்க் 1786-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இந்தப் பண்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அது நடைமுறைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வால்டர் போர்ஸ்ட்மன் என்பவரின் முயற்சியால் ஜெர்மனி 1922-இல் இதைத் தன் தர அளவாக ஏற்றது. 1975-இல் அது சர்வதேசத் தரமானது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாளுக்கு ஏ0 என்று பெயர். அதன் பாதி ஏ1, அதன் பாதி ஏ2 என்று இறங்கிக்கொண்டே போகும். எண் கூடக் கூடத் தாள் சிறியதாகும். நம் கையில் புழங்கும் ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உள்ளது.

நம் முகாமுக்கு எந்த அளவுகள் வேண்டும்? சாலையைக் கடந்து நடப்பவர் கண்ணில் பட வேண்டிய போஸ்டருக்கு ஏ2, அதாவது 420-க்கு 594 மி.மீ., பொருந்தும். எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது பலகை வடிவமைப்பில் வழங்கும் கைக்கணக்கு. ஏ2-வில் முகாமின் பெயரை இரண்டு அங்குல உயரத்தில் போட இடம் இருக்கிறது. இருபதடிக்கு அது போதும். மருந்துக்கடைக்கு உள்ளே, நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஏ3 போதும். அங்கே ஏ2-வை ஒட்ட இடமும் இருக்காது, தேவையும் இருக்காது.

நோட்டீஸுக்கு ஏ4 எடுப்பது வழக்கம். நான் ஏ5 எடுக்கச் சொல்வேன். வீட்டு வாசலில் வாங்கும் ஏ4 தாளை உடனே நான்காக மடிப்பார்கள், மடிப்பின்மேல் விழுந்த வரி முதலில் அழியும். ஏ5 ஒரே மடிப்பில் சட்டைப் பைக்குப் போகும். ஒரு ஏ4-இல் இரண்டு அச்சடித்து நடுவில் வெட்டிவிடலாம். சுமக்கும் எடையும் குறைவு: ஒரு சதுர மீட்டரில் பதினாறு ஏ4 அடங்குவதால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் சரியாக 5 கிராம், ஏ5 இரண்டரை கிராம். இரண்டாயிரம் நோட்டீஸ் ஐந்து கிலோ கட்டு. கார்டுக்கு ஏ6 எடுக்கலாம். தபால் அட்டையை ஒத்த அளவு அது. பேனாவால் பெயரும் நேரமும் எழுத இடம் கிடைக்கும்.

மூல வடிவமைப்பை ஏ4-இல் செய்வது நல்லது. எந்த ஜெராக்ஸ் கடையிலும் உடனே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிடலாம். மேலும் நமக்கு வேண்டிய மற்ற அளவுகள் அதிலிருந்து நேரான சதவீதத்தில் கிடைக்கும். ஒரு படி பெரிதாக்க 141 சதவீதம், ஒரு படி சிறிதாக்க 71 சதவீதம். இரண்டு படி ஏறினால் 200, இரண்டு படி இறங்கினால் 50. ஆகவே ஏ4-இலிருந்து ஏ2 போஸ்டர் 200 சதவீதம், ஏ5 நோட்டீஸ் 71, ஏ6 கார்டு 50.

இங்கேதான் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் பேச்சு இடறும். “அண்ணே, இதை டபுளா போட்டுக் குடுங்க” என்று ஏ4-ஐ நீட்டுவோம்; மனதில் இருப்பது ஏ3. பரப்பில் ஏ3 இருமடங்குதான். ஆனால் இயந்திரத்தில் அழுத்தும் சதவீதம் நீள அகலத்துக்கு உரியது. 200 என்று அழுத்தினால் அகலமும் இருமடங்கு, உயரமும் இருமடங்கு; பரப்பு நான்கு மடங்கு. உள்ளே இருக்கும் தாள் ஏ3 என்றால் படத்தில் பாதிதான் அதில் விழும், மீதி வெட்டுப்பட்டுப் போகும். “ஏ4-ஐ ஏ3 ஆக்குங்க” என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இந்தக் குழப்பமே வராது.

இனி எழுத்துக்கு வருவோம். ஏ4 மூலத்தில் முகவரியை 12 பாயிண்டில் வைத்திருக்கிறோம். திரையில் அழகாகத்தான் தெரியும். ஏ5 நோட்டீஸில் அது எட்டரை பாயிண்டாகிவிடும், படித்துவிடலாம். ஏ6 கார்டில் 6 பாயிண்ட். அந்த அளவில் ‘ணை’, ‘ஞ’, ‘ஊ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் மை அடைத்துக்கொண்டு கருத்துப்போகும். புள்ளி வைத்த மெய்யெழுத்தில் புள்ளி காணாமல் போய் மெய் உயிர்மெய்யாகிவிடும். பார்வை மங்கியவர்களை அழைக்கும் கார்டு அது என்பதை நினைத்துப் பாருங்கள். முகவரியைக் கார்டிலும் 10 பாயிண்டில் படிக்கச் செய்ய வேண்டுமென்றால், ஏ4 மூலத்தில் அது 20 பாயிண்ட் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய எழுத்தில் ஏழு வரி விவரம் கொள்ளாது. ஆகவே கார்டுக்கு வரிகளைக் குறைத்தே ஆக வேண்டும்: படமும் தலைப்பும் மூலத்திலிருந்து 50 சதவீதத்தில் வரட்டும், கீழ்ப்பகுதியில் இடம், நாள், நேரம், தொலைபேசி எண் மட்டும் புதிதாக எழுதப்படட்டும். வடிவம் ஒன்றாக இருப்பதால் இந்த மாற்றம் வெளியே தெரியாது. மூன்றும் ஒரே முகாமுடையவை என்பது பார்த்தவுடன் புரியும்.

பெரிதாக்கும்போது எழுத்துக்குச் சிக்கல் இல்லை, புகைப்படத்துக்கு உண்டு. எழுத்தும் கோட்டோவியமும் கணினியில் கோடுகளாகவே சேமிக்கப்பட்டிருந்தால் எந்த அளவிலும் கூர்மையாக வரும். புகைப்படம் புள்ளிகளால் ஆனது. ஏ4-இல் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்த படம், ஏ2-வில் 150 ஆகும். சற்று தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு அது போதும். ஆனால் 1,200 புள்ளி அகலமே உள்ள, செல்பேசிக்கு யாரோ அனுப்பிய படத்தை ஏ2-வின் முழு அகலத்துக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 73 புள்ளிதான் கிடைக்கும். கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். ஏ4 பிரதியில் இது கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து.

ஓரத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். பின்னணி நிறம் தாளின் விளிம்புவரை போகிறது என்றால், வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் விட வேண்டும். அச்சகத்தில் இதை பிளீட் என்பார்கள். ஏ4-க்கு 3 மி.மீ. விட்ட கோப்பை 50 சதவீதம் சுருக்கினால் பிளீடும் சுருங்கி ஒன்றரை மி.மீ. ஆகிவிடும், கத்தி கொஞ்சம் விலகினால் வெள்ளை தெரியும். எனவே மூலத்திலேயே 6 மி.மீ. விடுங்கள். ஏ6-இல் அது 3 ஆகும், ஏ2-வில் 12 ஆகும்; கூடுதலானதை அச்சகம் வெட்டிவிடும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடும் வடிவமைப்புக்கு பிளீட் தேவையில்லை. கார்டுகளை ஒரு ஏ4-இல் நான்காக அடுக்கி இரண்டே வெட்டில் பிரித்துவிடலாம். ஆனால் அந்த ஓரத்தை மிக மெல்லியதாக வைக்காதீர்கள், 5 மி.மீ. ஓரத்தில் கத்தி ஒரு மி.மீ. நகர்ந்தாலே ஒருபக்கம் 4, மறுபக்கம் 6 என்று கண்ணை உறுத்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் உருவம் கோணி வந்தால், பெரும்பாலும் மூலக்கோப்பு ஏ4-ஏ அல்ல என்று பொருள். சில மென்பொருள்களில் புதுக்கோப்பு அமெரிக்க ‘லெட்டர்’ அளவில் திறக்கும்: 216-க்கு 279 மி.மீ. திரையில் ஏ4 போலவே இருக்கும், ஆனால் அதன் மடங்கு 1.294 மட்டும்தான். அதை ஏ4 நிரம்பும்படி இழுத்தால் அகலம் இரண்டே முக்கால் சதவீதம் குறுகி, உயரம் ஆறு சதவீதத்துக்கு மேல் நீளும். முகங்கள் ஒடுங்கித் தெரியும், ஆனால் எதனால் என்று சட்டென்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒரு வட்டம். மூலத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை எங்காவது வைத்து, அச்சான தாளில் ஸ்கேலால் குறுக்கும் நெடுக்கும் அளங்கள். மேலே சொன்ன லெட்டர் கோப்பில் அது குறுக்கே 48.6, நெடுக்கே 53.1 என்று வரும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, 50-ஐவிடச் சற்றுக் குறைவாக வந்தால் கோணல் இல்லை. பிரிண்டர் தன் ஓரத்துக்காக முழுப்படத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறது. அச்சிடும் பெட்டியில் `Fit` என்பதற்குப் பதிலாக `Actual size` என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகிவிடும்.

பர்ஸில் வைக்கும் விசிட்டிங் கார்டு கேட்டால் மட்டும் இந்தச் சதவீதங்கள் உதவாது. அது இங்கே பொதுவாக மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், அதாவது 1.75 மடங்கு. ஏ வரிசைக்கு வரைந்த எதுவும் அதில் இழுக்காமல் நிரம்பாது. அதற்குத் தலைப்பையும் சின்னத்தையும் மட்டும் எடுத்து, மற்றதைப் புதிதாக அடுக்குங்கள்.