குடோனில் கிடக்கும் பத்து லட்ச ரூபாய் நூல்

மார்ச் 31. ஒரு நூற்பாலையின் குடோனில் நூல் கோன்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியபடி கிடக்கின்றன. மதிப்பு 10 லட்ச ரூபாய். பனியன் கம்பெனிக்காரர் அடுத்த மாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நூற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, கரண்ட் பில்லும் கட்டியாயிற்று. யாரும் காசு கொடுத்து வாங்காத இந்த நூல், முடிகிற நிதியாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேருமா?

சேரும். ஏன் சேரும், சேர்க்க மறந்தால் என்ன ஆகும் என்று தொடர்ந்து போனால் ஜி.டி.பி. கணக்கின் மூன்று முறைகளும் தானாகவே விளங்கிவிடும். அதற்குப் பெரிய புத்தகம் தேவையில்லை, ஒரு சின்ன அட்டவணை போதும். ஒரு நாட்டில் மூன்றே பேர் தொழில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: பருத்தி விவசாயி, நூற்பாலை, பனியன் கம்பெனி. ஜின்னிங் ஆலை, மின்வாரியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தொகைகள் லட்ச ரூபாயில்.

| | விவசாயி | நூற்பாலை | பனியன் கம்பெனி |
|---|---|---|---|
| உற்பத்தி | 40 | 80 | 150 |
| வாங்கிப் பயன்படுத்திய சரக்கு | 0 | 40 | 80 |
| சம்பளம், கூலி | 15 | 22 | 40 |
| வாடகை | 0 | 0 | 5 |
| வட்டி | 0 | 6 | 5 |
| லாபம் | 25 | 12 | 20 |

அட்டவணையில் எழுதாத விவரம் கொஞ்சம் இருக்கிறது. விவசாயியின் பஞ்சு முழுவதையும் ஆலை வாங்கியது. ஆலையின் 80 லட்ச ரூபாய் நூலில் 70 லட்சத்துக்குக் கம்பெனி வாங்கியது, மீதி 10 குடோனில். கம்பெனி அந்த நூலோடு வெளிநாட்டுச் சாயம் 10 லட்சத்துக்கு இறக்கியது. தைத்த பனியனில் 100 லட்சத்துக்கு உள்ளூர் மக்கள் வாங்கினார்கள், 50 லட்சத்துக்கு ஏற்றுமதி ஆனது.

முதல் வரியைப் பார்த்ததும் 40, 80, 150 மூன்றையும் கூட்டி 270 என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. விவசாயி விற்ற பஞ்சின் விலை நூலின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நூலின் விலை பனியனின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கூட்டினால் அதே பஞ்சைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம். ஆலையும் கம்பெனியும் நாளைக்கே ஒரே முதலாளியின் கைக்கு வந்து நூல் விற்பனை என்ற ஒன்றே இல்லாமல் போனால், ஒரு பனியன்கூடக் குறையாமல் இந்தக் கூட்டுத்தொகை மட்டும் 70 குறைந்துவிடும். அப்படி ஆடுகிற எண்ணை வைத்து எதையும் அளக்க முடியாது.

ஆகவே ஒவ்வொருவரும் தம் பங்காகப் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். உற்பத்தியிலிருந்து வாங்கிப் பயன்படுத்திய சரக்கைக் கழித்தால் அது கிடைக்கும். விவசாயிக்கு 40. ஆலைக்கு 80-இல் 40 போக 40. கம்பெனிக்கு 150-இல் 80 போக 70. மொத்தம் 150. இதுதான் உற்பத்தி முறை, அதாவது மதிப்புக் கூட்டல் முறை. ஆலைக்கு எழுதியிருப்பது விற்பனையான 70 அல்ல, உற்பத்தியான 80 என்பதைக் கவனியுங்கள். குடோன் நூல் அங்கேதான் கணக்கில் நுழைகிறது.

இனி அதே அட்டவணையின் கீழ்ப்பாதி. சேர்ந்த மதிப்பு யார் யார் கைக்குப் போனது? சம்பளம் 15, 22, 40 சேர்ந்து 77. வாடகை 5. வட்டி 11. லாபம் 25, 12, 20 சேர்ந்து 57. மொத்தம் மறுபடியும் 150. இது வருமான முறை. இது தற்செயலாக ஒத்துப்போகவில்லை. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதைத்தான் லாபம் என்கிறோம், அதனால் இரண்டும் ஒத்துப்போயே தீரும். இதில் விவசாயியின் 25-ஐ லாபம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போன அவருடைய உழைப்பும், மருந்தடிக்கப் போன அவர் மனைவியின் உழைப்பும் அதற்குள் இருக்கின்றன. நிலத்துக்கான வாடகையும் இருக்கிறது. பிரிக்க முடியாததால் புள்ளிவிவரக்காரர்கள் இதைக் கலப்பு வருமானம் என்று தனியாக வைக்கிறார்கள். அமைப்புசாராத் தொழில் மிகுந்த நம் நாட்டில் இந்தப் பகுதி பெரியது. சம்பளப் பட்டியல் இல்லாத இடத்தில் வருமானத்தைக் கேட்டு எழுதுவது கடினமும்கூட.

மூன்றாவது, செலவு முறை. முடிந்த பொருளை யார் வாங்கினார்கள்? மக்கள் நுகர்வு 100. ஏற்றுமதி 50. குடோனில் ஏறிய சரக்கிருப்பு 10, ஆலை தன் நூலைத் தானே வாங்கி வைத்துக்கொண்டதைப் போல இதை முதலீட்டின் கீழ் எழுதுவார்கள். கூட்டினால் 160. இறக்குமதி 10-ஐக் கழித்தால் 150.

இந்தக் கழித்தலை வைத்து ஒரு தவறான பேச்சு ஊரெங்கும் நடக்கிறது. இறக்குமதி செய்தால் ஜி.டி.பி. குறைந்துவிடும் என்று மேடையிலும் சொல்கிறார்கள். அட்டவணையைப் பாருங்கள். அந்த 10 லட்ச ரூபாய்ச் சாயம், பனியனில் ஊறி, 100-க்குள்ளும் 50-க்குள்ளும் ஏற்கெனவே ஏறிவிட்டது. நம் நாட்டில் உருவாகாத அதை வெளியே எடுக்கத்தான் கழிக்கிறோம். கம்பெனி இன்னும் 5 லட்சத்துக்குச் சாயம் வாங்கி, பயன்படுத்தாமல் டிரம்மிலேயே வைத்திருந்தால் சரக்கிருப்பு 5 ஏறும், இறக்குமதியும் 5 ஏறும், ஜி.டி.பி. அதே 150-இல் நிற்கும்.

இதுவரை வரியைச் சேர்க்கவில்லை. உள்ளூரில் விற்ற பனியனுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் மக்கள் கொடுப்பது 105. ஏற்றுமதிக்கு அந்தச் சுமை இல்லை. செலவுப் பக்கம் 155 ஆகிவிடும். தொழில் செய்தவர்கள் கூட்டிய மதிப்பு 150-தான். அந்த 150-க்கு நம் அரசு வெளியிடும் பட்டியலில் மொத்த மதிப்புக் கூட்டல், சுருக்கமாக ஜி.வி.ஏ., என்று பெயர். அதோடு பொருள் மீதான வரியைச் சேர்த்து மானியத்தைக் கழித்தால் ஜி.டி.பி. வருமானப் பக்கத்தில் அந்த 5 அரசின் வருமானமாக எழுதப்படும், அங்கும் 155 ஆகிவிடும்.

இந்தச் சின்ன வித்தியாசம் சில நேரம் பெரிதாகிவிடும். 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு முதலில் வெளியான கணக்கில் ஜி.டி.பி. 8.4 சதவீதம் வளர்ந்திருந்தது, ஜி.வி.ஏ.யின் வளர்ச்சியோ 6.5 சதவீதம். வரி வரவு ஏறி மானியம் இறங்கியதால் வந்த இடைவெளி அது. நம் அட்டவணையில் பனியன் எண்ணிக்கை மாறாமல், நிகர வரி மட்டும் ஏறினால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்தது. அந்த நேரத்தில் ஆலைகளும் வயல்களும் எவ்வளவு வேகமாக ஓடின என்று அறிய விரும்பியவர் இரண்டாவது எண்ணைத்தான் பார்த்திருக்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வந்தது முதல் எண்.

இப்போது மூன்று முறைகளையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துவோம். வரியை மறந்துவிட்டு 150-க்கே திரும்புகிறேன். செலவைத் தொகுத்தவர் கடைகளுக்கும் துறைமுகத்துக்கும் போனார், குடோனுக்குப் போகவில்லை என்று வையுங்கள். அவருக்கு 140 வரும். மற்ற இருவருக்கும் 150. இடைவெளி சரியாக 10 என்பதே எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. இன்னொரு பக்கம், சில பனியன்கள் பில் போடாமல் விற்று, தைத்தவர்களுக்கும் கணக்கில் எழுதாமல் கூலி கொடுத்தால், தொழிற்சாலைக் கணக்கில் அது வராது. ஆனால் வீடு வீடாகப் போய்த் துணிக்கு என்ன செலவழித்தீர்கள் என்று கேட்டால் வந்துவிடும். அப்போது செலவுப் பக்கம் மட்டும் ஏறி நிற்கும்.

அரசின் செலவு அட்டவணையின் கடைசியில் ‘முரண்பாடுகள்’ என்று ஒரு வரி இருப்பது இதற்காகத்தான். நம் நாட்டில் உற்பத்திப் பக்கத்தை ஆதாரமாக வைத்து ஜி.டி.பி.யை முடிவு செய்கிறார்கள். செலவுகளின் கூட்டுத்தொகைக்கும் அதற்கும் உள்ள மிச்சத்தை ஒளிக்காமல் அந்த வரியில் எழுதிவிடுகிறார்கள். அது எழுதப்படுவதை நான் பெரிய நேர்மையாக மதிக்கிறேன். 1941-இல் போர்க்காலப் பிரிட்டனில் ரிச்சர்ட் ஸ்டோனும் ஜேம்ஸ் மீடும் வருமானத்தையும் செலவையும் எதிரெதிரே நிறுத்தி நாட்டுக் கணக்கை எழுதியபோது தொடங்கிய பழக்கம், இன்றும் பிழை கண்டுபிடிக்க உதவுகிறது.

ஆனால் மூன்றும் ஒத்துப்போவது மட்டுமே சாட்சி ஆகாது. குடோன் நூலை எல்லோருமே மறந்தார்கள் என்று வையுங்கள். ஆலையின் உற்பத்தி 70 ஆகிவிடும், அது கூட்டிய மதிப்பு 30. ரொக்கக் கணக்கில் 70-இல் பஞ்சு 40, சம்பளம் 22, வட்டி 6 போக லாபம் வெறும் 2. செலவிலும் 10 குறையும். 140, 140, 140! அழகாக ஒத்துப்போகிறது, மூன்றும் தப்பு. நடைமுறையிலும் மூன்று பேர் தனித்தனியாகப் போய் எண்ணிக்கொண்டு வருவதில்லை. இந்தியாவில் மக்கள் நுகர்வின் பெரும்பகுதியே உற்பத்தித் தகவலிலிருந்து, எந்தப் பொருள் எவ்வளவு உண்டாகி எங்கே போனது என்று பின்தொடர்ந்து கணக்கிடப்படுகிறது. உற்பத்திப் பக்கம் விட்டதை அந்தச் செலவுக் கணக்கும் விட்டுவிடும்.

சரி, அந்த நூல் என்ன ஆனது? ஏப்ரலில் விலை ஏறியது. 10 லட்சம் மதிப்புள்ள அதே பெட்டிகளை ஆலை 12 லட்சத்துக்குக் கொடுத்தது. கம்பெனி அதைத் தைத்து 30 லட்சத்துக்கு உள்ளூரில் விற்றது, அதன் மதிப்புக் கூட்டல் 18. ஆலை இந்த ஆண்டு அந்த நூலுக்காக ஒரு கதிரையும் ஓட்டவில்லை. எனவே 12 விற்பனைக்கு எதிரே, சரக்கிருப்பில் அன்றைய விலையில் 12 இறக்கம். அதன் உற்பத்தி பூஜ்யம். செலவுப் பக்கத்தில் நுகர்வு 30, சரக்கிருப்பு இறக்கம் 12, ஆகவே 18. வருமானப் பக்கத்தில் கம்பெனியின் சம்பளம், லாபம் எல்லாம் சேர்ந்து 18. ஆலையின் கணக்குப்பிள்ளையோ 10-க்கு இருந்ததை 12-க்கு விற்று 2 லாபம் என்று எழுதியிருப்பார். அதைச் சேர்த்தால் 20. அந்த 2 லட்சத்தை வருமானப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அது விலை ஏறியதால் வந்த பணம், நூற்றதால் வந்தது அல்ல.