கிலோவாட் வேறு, யூனிட் வேறு

டாடா 2023-ல் புதுப்பித்து வெளியிட்ட நெக்ஸான் இவியின் லாங் ரேஞ்ச் காரை வாங்கப் போனவர் கையில் ஒரு விவரத்தாள் வந்தது. பேட்டரி 40.5 kWh, மோட்டார் சுமார் 106 kW, வீட்டில் மாட்டும் சார்ஜர் 7.2 kW, வெளியே உள்ள விரைவு சார்ஜர் 50 kW. பார்த்த உடனே வரும் சந்தேகம் நியாயமானதுதான்: 106 இழுக்கும் மோட்டாருக்கு 40 உள்ள பேட்டரி எப்படிப் போதும்?

விடை அந்தக் கடைசி h எழுத்தில் இருக்கிறது. kW என்பது கிலோவாட். kWh என்பது கிலோவாட் மணி. இரண்டாவது பெயர்தான் புதிது, பொருள் பழையது. மின்வாரிய ரீடிங் எடுப்பவர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறாரே, அந்த யூனிட்தான் கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் மின்சாரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக நெக்ஸானின் பேட்டரி 40.5 யூனிட் கொள்ளும், அவ்வளவுதான்.

கிலோவாட் என்பது மின்சாரம் அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது, அல்லது ஏறுகிறது என்பது. வேகம் பெரிதாக இருந்தால் செலவும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், அப்படி இல்லை. 750 வாட் மிக்ஸி நாலு நிமிடம் சட்னி அரைத்தால் 0.05 யூனிட்தான் போகும். 75 வாட் சீலிங் ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் சுற்றினால் 0.75 யூனிட். மிக்ஸியின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் ஃபேன், பதினைந்து மடங்கு மின்சாரத்தைத் தின்றுவிடுகிறது. எவ்வளவு வேகம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் பெருக்கினால்தான் யூனிட் வரும்.

மோட்டார் கணக்கும் இப்படியே. 106 கிலோவாட் என்பது ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தினால் அந்த மோட்டார் தரக்கூடிய உச்ச வலு. அதே வலுவில் விடாமல் ஓட்டினால் 40.5 யூனிட்டும் 23 நிமிடத்தில் காலியாகிவிடும். ஆனால் அப்படி யாரும் ஓட்ட முடியாது. லாரியை முந்தும்போது சில விநாடிகள் தேவைப்படும், பிறகு கால் தளர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் இந்த அளவு கார் 12 கிலோவாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், முழு பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். தூரம் சுமார் 270 கிலோமீட்டர். குதிரைசக்தி எண்ணைப் பார்த்து டேங்க் அளவை யாரும் கணிப்பதில்லை. மோட்டார் கிலோவாட்டும் அதே மாதிரி, பிக்கப் பற்றிய எண். ரேஞ்சைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இனி வீடு. இங்கேதான் கிலோவாட் கைக்காசைத் தொடுகிறது.

சாதாரண 15 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 3.45 கிலோவாட் தரும். 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்ப் வேண்டும். அதற்குத் தனி லைன், தடித்த ஒயர், தனி எம்சிபி எல்லாம் தேவை. வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 3 கிலோவாட் என்றால், சார்ஜர் மட்டுமே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது. ஆகவே கார் வருவதற்கு முன்பே மின்பளுவை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மாதம் எத்தனை யூனிட் எரிகிறது என்பது வேறு கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்பது வேறு கேள்வி. எம்சிபி விழுவதும் ஒயர் சூடாவதும் இரண்டாவதால்தான். 15 ஆம்ப் பிளக்கிலேயே சமாளிப்பவர்கள் சார்ஜ் ஆகும்போது பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. கை வைக்க முடியாத சூடோ, சாக்கெட்டின் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு நிறமோ தெரிந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிட, யூனிட்டைக் கிலோவாட்டால் வகுத்தால் போதும். 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற 36.45 யூனிட் வேண்டும். 7.2-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம் வருகிறது. நிறுவனம் சொல்வதோ ஆறு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? சுவரிலிருந்து வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு டிசிதான் ஏறும். அதை மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் செய்கிறது. அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். கடைசிச் சில சதவீதங்களில் கார் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் 36 யூனிட் ஏற வீட்டு மீட்டரில் 40-ஐ ஒட்டி ஓடியிருந்தால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்த ஆன்போர்டு சார்ஜருக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. மாலில் 22 கிலோவாட் ஏசி சார்ஜர் இருக்கிறதே என்று இந்தக் காரை மாட்டினாலும் 7.2-க்கு மேல் ஏறாது. பலகையில் எழுதியிருப்பது சார்ஜரால் எவ்வளவு தர முடியும் என்பதை மட்டுமே. எவ்வளவு வாங்குவது என்பது காரின் முடிவு.

விரைவு சார்ஜர் டிசியையே நேரே பேட்டரிக்குக் கொடுக்கிறது, ஆன்போர்டு சார்ஜரைத் தொடுவதில்லை. 50 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் ஏற 56 நிமிடம் என்கிறது நிறுவனம். இந்த வாக்கியத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் சுவாரசியமான ஒன்று வெளிப்படும். 70 சதவீதம் என்பது 28.35 யூனிட். அது 56 நிமிடத்தில் ஏறினால் சராசரி வேகம் 30 கிலோவாட்தான்! நிறுவனம் பொய் சொல்லவில்லை. 50 என்பது உச்சம். பேட்டரியின் சூடு, குளிர், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துக் கார் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் சார்ஜர் கொடுக்கும். எந்தக் காரை வாங்கினாலும் அதன் விவரத்தாளில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம். உச்ச கிலோவாட்டைவிட இந்தச் சராசரிதான் பயணத்தில் உதவும். இதனால்தான் 120 கிலோவாட் பலகையைத் தேடிப் பத்துக் கிலோமீட்டர் சுற்றிப் போவது இந்தக் காருக்கு வீண்.

எதிர்பாராமல் வேகம் குறைந்தால் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே சார்ஜரில் இரண்டு கன் இருக்கும் இடங்களில் 60 கிலோவாட்டை இரண்டு கார்களும் முப்பது முப்பதாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். இன்னொரு கார் கிளம்பியதும் எண் தானாக ஏறும்.

சார்ஜரின் திரையில் இரண்டு எண்களும் அருகருகே தெரியும். kW ஏறி இறங்கும். kWh ஏறிக்கொண்டே போகும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று பில் வருவது அதற்குத்தான். 80 சதவீதம் தாண்டியதும் முதல் எண் சரிந்து 10-க்கு வந்துவிட்டால், மீதி எட்டு யூனிட்டுக்கு முக்கால் மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். போகும் ஊர் அருகில் இருந்தால் அப்போதே கன்னைக் கழற்றிவிடலாம். பின்னால் ஒரு கார் காத்திருந்தால் அதற்கும் வழி கிடைக்கும்.