மீண்டும் வருகிறேன், மதியம் வரை மட்டும்

2009 ஜூன் மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் மிகச் சிறிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. ஜனவரியில் மருத்துவ விடுப்பில் போன ஸ்டீவ் ஜாப்ஸ் வேலைக்குத் திரும்பிவிட்டார்; வாரத்தில் சில நாள் அலுவலகத்தில் இருப்பார், மற்ற நாள்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார் என்பதுதான் அதன் சாரம். இடையில் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. விடுப்பில் போகும்போது ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்திலும் அவர் இதே கணக்கில்தான் பேசியிருந்தார்: ஜூன் முடியும் வரை விடுப்பு, அன்றாட நிர்வாகம் டிம் குக்கிடம், பெரிய முடிவுகளில் மட்டும் தன் பங்கு இருக்கும்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த அளவு போதும். அவரைச் சுற்றி உதவியாளர்கள் உண்டு. யாரை உள்ளே விடலாம், எந்தக் கோப்பு காத்திருக்கலாம் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பத்துப் பேர் கொண்ட ஒரு பிரிவை நடத்துபவருக்கு அப்படி ஒரு கவசம் இல்லை. "நாளையிலிருந்து வருகிறேன்" என்று அவர் ஒரு மெயில் போட்டால் போதும், மூன்று மாதமாக வேறு ஒருவரிடம் போய்க்கொண்டிருந்த வேலை முழுவதும் அன்று காலை பதினொரு மணிக்குள் அவர் மேசைக்குத் திரும்பி வந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பழைய பாதை எல்லோருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான். அந்தப் பாதையைத் தேதி குறித்து அடைத்துவைப்பதுதான் திரும்பி வரும்போது எழுதும் மெயிலின் முதல் வேலை. நன்றி சொல்வதும் நலம் சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மேலாளர். வயது ஐம்பதைத் தாண்டியவர். பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, ஜூன் 8 திங்கள்கிழமை திரும்புகிறார். அறுவை சிகிச்சைக்காகப் பிளந்த நெஞ்செலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கனம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்பார்கள். அந்தக் கட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. முடியாமல் இருப்பது அசதி. காலையில் தெளிவாக இருப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறார். கணக்குப் பிரிவில் இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே நான்கு வாரம் அரை நாள் வேலை, புதன்கிழமைதோறும் மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இதை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நம் ஊரில் கொடுக்கப்படும் சான்றிதழ் பெரும்பாலும் 'வேலைக்குத் திரும்பத் தகுதியானவர்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். பிரிட்டனில் 2010ல் மருத்துவச் சான்றிதழின் படிவத்தையே மாற்றினார்கள். படிப்படியாகத் திரும்புதல், வேலை நேரத்தை மாற்றுதல், செய்யும் வேலையை மாற்றுதல், பணியிடத்தில் வசதி செய்து தருதல் என்ற நான்கில் எது தேவை என்று மருத்துவர் அதில் குறிக்கலாம். அப்படிப் படிவம் இல்லாத இடத்தில் நோயாளியே கேட்கவேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வாரம், எப்போது மறுபடி பார்க்கவேண்டும்? இந்த மூன்றும் கையில் இல்லாமல் மெயில் எழுத உட்கார்ந்தால் 'கொஞ்ச நாளைக்குக் குறைவான நேரம் இருப்பேன்' என்றுதான் எழுத வரும். அதைப் படிப்பவர்களுக்கு அதிலிருந்து எதுவும் பிடிபடாது.

நம் மேலாளரின் மெயில் இப்படி இருக்கலாம். உண்மையில் ஆள்களின் பெயர் வரும் இடங்களில் இங்கே பதவியைப் போட்டிருக்கிறோம்.

"அனைவருக்கும் வணக்கம். ஜூன் 8 திங்கள் முதல் மீண்டும் வேலைக்கு வருகிறேன். இந்த மூன்று மாதமும் பிரிவை நடத்திய துணை மேலாளருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஜூலை 3 வரை காலை 9.30 முதல் 1.30 வரை இருப்பேன். புதன்கிழமைகளில் வரமாட்டேன். மதியத்துக்கு மேல் போன், வாட்ஸ்அப் எதுவும் பார்க்கமாட்டேன். அவசரம் என்றால் துணை மேலாளரிடம் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன், நிட்டிங் மற்றும் சாயப்பட்டறை பில்கள், பேமென்ட் அப்ரூவல் மூன்றும் ஜூலை 3 வரை துணை மேலாளரிடமே இருக்கும். எனக்கு சிசி வேண்டாம். எல்சி ஆவணங்கள் சீனியர் அக்கவுண்டன்டிடம். வங்கி குறை சொல்லித் திருப்பினால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

ஆடிட்டர் கேட்கும் கேள்விகளையும், புதிய பையர்களுக்கான பேமென்ட் நிபந்தனைகளையும் இனி நான் பார்க்கிறேன்.

விடுப்பில் வந்த மெயில்களை நான் திரும்பிப் படிக்கப்போவதில்லை. இன்னும் பதில் வேண்டியவற்றை ஜூன் 12க்குள் மறுபடி அனுப்புங்கள். அடுத்த ஏற்பாட்டை ஜூலை 3 அன்று எழுதுகிறேன்."

இதில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரிவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். சிலர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்திருப்பார்கள். ஆனாலும் எழுதிய மெயில் யார் யாருக்கோ ஃபார்வர்டு ஆகும். நிர்வாக இயக்குநருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மருத்துவக் கட்டுப்பாடு தெரியவேண்டும். மற்றவர்களுக்கு நேரம் தெரிந்தால் போதும்.

எதை விட்டுக்கொடுத்தார், எதை எடுத்துக்கொண்டார் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜிஎஸ்டியில் மாதம்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் GSTR-1 படிவத்துக்கு 11ஆம் தேதியும், வரி கட்டும் GSTR-3B படிவத்துக்கு 20ஆம் தேதியும் கெடு. அவர் வேலைக்கு வரும் மூன்றாவது நாள் புதன்கிழமை, ஜூன் 10. அன்று அவர் ஆஸ்பத்திரியில். மறுநாள் கெடு. கெடு தாண்டினால் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே இத்தகைய வேலை அரை நாள் ஆளிடம் இருக்கக்கூடாது. எல்சியிலும் அப்படித்தான். கடன் பத்திரத்தில் வேறு கெடு சொல்லாவிட்டால், சரக்கு கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் வங்கி ஆவணத்தில் பிழை கண்டுபிடித்துத் திருப்பும்போது பையரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அனுபவம் வேண்டும். அந்த ஒரு துண்டை மட்டும் அவர் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். ஆடிட்டர் கேள்வியும் பையர் நிபந்தனையும் யோசித்துப் பதில் சொல்லவேண்டியவை, ஒரு நாள் காத்திருக்கக் கூடியவை. காலை நேரத் தெளிவுக்குப் பொருத்தமானவை.

'எனக்கு சிசி வேண்டாம்' என்ற சின்ன வரியை எழுதப் பலருக்கு மனம் வராது. 'நீங்கள் பாருங்கள், என்னையும் சிசியில் வையுங்கள்' என்பதுதான் வழக்கம். அங்கேயே ஏற்பாடு உடைந்துவிடுகிறது. சிசியில் இருப்பவர் படிப்பார். படித்தவர் ஒரு திருத்தம் சொல்வார். அடுத்த முறை துணை மேலாளர் முடிவெடுக்காமல் அந்தத் திருத்தத்துக்குக் காத்திருப்பார். 'சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்' என்ற பேச்சு பிரிவில் காதில் விழத் தொடங்கினால், வேலை கைமாறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மெயிலில் சொன்னதும் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதிதான். பேமென்ட் அப்ரூவல் துணை மேலாளரிடம் என்று எழுதியாயிற்று. ஆனால் அலுவலக மென்பொருளில் அவருக்குத் தந்திருந்த அதிகாரம் விடுப்பு முடியும் தேதியோடு தானாகக் காலாவதி ஆகும்படி வைத்திருந்தால், திங்கள்கிழமை காலை எல்லா பில்லும் மேலாளரின் திரையில் வந்து நிற்கும். வங்கி ஓடிபி இன்னும் அவர் போனுக்கே வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றக் கம்பெனியின் போர்டு தீர்மானம் வேண்டும் என்பதால் கடைசி நாளில் நினைத்தால் நடக்காது. ஜிஎஸ்டி தளத்தில் துணை மேலாளர் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதும் இதில் சேரும். மேலாளரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அவசரத்துக்கு இன்னொருவர் செருகிப் பயன்படுத்துவது தவறு. இந்த மாற்றங்களை முடித்துவிட்டு மெயிலை அனுப்புவதே சரியான வரிசை.

துணை மேலாளர் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். மூன்று மாதம் கூடுதல் சுமையைத் தாங்கியவருக்கு இன்னும் ஒரு மாதம் நீள்கிறது. மெயில் போவதற்கு முந்தைய வாரம் அவரிடம் நேரில் பேசி, 'இதை நீங்க இன்னும் ஒரு மாசம் பார்க்க முடியுமா, எதை விட்டுடணும்னு நினைக்கறீங்க?' என்று கேட்காமல் அவர் பெயரைப் போடுவது நியாயமில்லை. அவர் எடுத்த முடிவுகளைத் திறந்து பார்க்கும் ஆசையையும் மேலாளர் அடக்கவேண்டும். ஒரு சாயப்பட்டறைக்கு விலையை இருபது பைசா கூட்டிக் கொடுத்திருந்தால், அது கொடுத்தாகிவிட்டது.

சில வேலைகள் திரும்பி வரவே வேண்டாம். பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கியில் தலைமை நிர்வாகியாக இருந்த அன்டோனியோ ஹோர்டா ஒசோரியோ 2011 நவம்பரில், தூக்கமின்மையால் வந்த கடும் சோர்வில் விடுப்பு எடுத்தார். 2012 ஜனவரியில் திரும்பியபோது பழைய நாற்காலியில் அப்படியே போய் உட்காரவில்லை. தன்னிடம் நேரடியாக அறிக்கை தரும் அதிகாரிகளின் எண்ணிக்கை குறையும்படி நிர்வாக அமைப்பு மாற்றப்பட்டது. அதன் பிறகு 2021 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஜூலை 3 அன்று எழுதும் இரண்டாவது மெயில் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கவேண்டியிருக்கும். முழு நாள் வேலைக்கு மருத்துவர் ஒப்புக்கொண்டாரா, இல்லை இன்னும் இரண்டு வாரம் நீள்கிறதா என்பது முதல் பத்தி. பேமென்ட் அப்ரூவல் தன்னிடம் வருகிறது, ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நிரந்தரமாகத் துணை மேலாளரிடம் போகிறது என்று அவர் எழுதினால், அதோடு அந்த வேலைக்கான பெயரும் ஊதியமும் சேர்ந்து போகவேண்டும். அதை நிர்வாகத்திடம் பேசி முடித்த பிறகே எழுதவேண்டும்.