ஓடியது நாடா! ஓய்ந்தது ராட்டை!

தறியில் பாவு நூலின் நடுவே ஊடை நூலைக் கொண்டு செல்வது நாடா. முன்பெல்லாம் நெசவாளி அதை ஒரு கையால் எறிந்து, மறு கையால் பிடிப்பார். கை எட்டும் அகலமே துணியின் அகலம். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பேர் உட்கார வேண்டும்.

பறந்தது நாடா

1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் ஒரு வழி கண்டார். கயிற்றைச் சுண்டினால் போதும், நாடா தானே பறக்கும்! நெசவு வேகமானது. ஆனால் நூல் போதவில்லை. ராட்டையில் ஒரு நேரத்தில் ஓர் இழைதானே நூற்க முடியும்?

சுமார் 1764-ல் ஹார்கிரீவ்ஸ் என்பவர் 8 கதிர்கள் கொண்ட "ஜென்னி"யைச் செய்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்தவர்கள், 1768-ல் அவர் வீட்டில் புகுந்து எந்திரங்களை உடைத்தார்கள்.

ஜென்னி நூல் மென்மையானது. ஊடைக்கு உதவியது, பாவில் இழுத்துக் கட்டினால் அறுந்தது. உறுதியான பாவு நூலை ஆர்க்ரைட்டின் எந்திரம் 1769-ல் தந்தது. நூற்பாலைகள் பெருகின.

இங்கே தலைகீழ்!

19-ம் நூற்றாண்டில் அந்த ஆலை நூல் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. மலிவான நூல்! வீட்டில் நூற்ற பெண்களின் ராட்டை ஓய்ந்தது. அவர்கள் கூலி போயிற்று.

பறக்கும் நாடா பிறகுதான் வந்தது. சேலத்தில் 1906-ல் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கிய நெசவுச் சாலை அதைப் பரப்ப முயன்றது. இங்கிலாந்தைப் போல நூல் பஞ்சம் வரவில்லை. ஆலை நூல் தயாராக இருந்ததே!

ராட்டையை ஓயவைத்த அதே நூலைக் கொண்டுதான் பல நெசவாளிகள் சீமைத் துணியை எதிர்த்து நின்றார்கள்.