வாடகைப் பங்கு பில்லும் அதன் கணக்கும்

இரண்டு நிறுவனங்கள் ஒரே அலுவலகத்தில் இயங்கினாலும், வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றின் பெயரில்தான் இருக்கும். கட்டட உரிமையாளருக்கு முழு வாடகையையும் செலுத்தும் அந்த நிறுவனம், மற்றதன் பங்கை மாதாமாதம் பில் போட்டு வசூலிக்கிறது. உள்வாடகைக்கு இடமளிக்க ஒப்பந்தம் அனுமதிக்க வேண்டும் என்பது இதற்கு முதல் நிபந்தனை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2,000 சதுர அடி அலுவலகம், மாத வாடகை 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 60 ரூபாய். ஒப்பந்தம் எடுத்த கட்டட வடிவமைப்பு நிறுவனத்துக்கு 900 சதுர அடி, மென்பொருள் நிறுவனத்துக்கு 600. மீதி 500 சதுர அடி வரவேற்பறை, கூட்ட அறை, கழிவறை. தனி இடத்தைப் பிரிப்பதில் தகராறு வராது. மென்பொருள் நிறுவனத்தின் 600 சதுர அடிக்கு 36,000 ரூபாய்.

வில்லங்கமெல்லாம் பொது இடத்தில்தான். அதன் வாடகை 30,000. தனி இடத்தின் விகிதத்தில் பிரித்தால் மென்பொருள் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, அதாவது 12,000. ஆனால் வரைபட மேசைகள் இடத்தை அடைக்கும், ஆட்கள் குறைவு. அங்கே 8 பேர், மென்பொருள் பக்கம் 12 பேர் என்றால், தலைக்கணக்கில் பங்கு 60 விழுக்காடாகி 18,000 ஆகிறது. பொது இடத்தை உபயோகிப்பது ஆட்கள்தான் என்பதால் தலைக்கணக்கே நியாயம். ஆனால் ஆள் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தேதியின் எண்ணிக்கை என்பதை, காலாண்டின் முதல் நாள் என்பதுபோல, முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு மாதமும் பேரம்தான்.

தலைக்கணக்குப்படி மொத்தப் பங்கு 54,000. பில்லில் ‘வாடகைப் பங்கு’ என்று ஒற்றை வரி போட்டால் போதாது. பரப்பு, சதுர அடி விலை, ஆள் எண்ணிக்கை, அது எந்த நாளையது என்பதெல்லாம் அதிலேயே இருந்தால், தணிக்கையாளர் கேட்கும்போது பழைய மின்னஞ்சல்களைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தது வரி. வெறுமனே செலவைத் திரும்ப வாங்குகிறோம், ஜிஎஸ்டி எதற்கு என்று சிலர் டெபிட் நோட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அது செல்லாது. உரிமையாளரின் சேவை ஒப்பந்ததாரருக்குத்தான் போகிறது. அவர் மற்றவருக்கு இடமளிப்பது தனிச் சேவை. பதிவு பெற்ற நிறுவனம் இதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தே பில் போட வேண்டும். 54,000க்கு 9,720 சேர்ந்து 63,720 ரூபாய்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, உரிமையாளரின் பில்லில் வரியோடு உள்ள 1,41,600 ரூபாயைப் பங்கிட்டு, அதன்மேல் மறுபடி ஜிஎஸ்டி போடுவது. பங்கு 45 விழுக்காடு என்பதால் 63,720 வரும். அதற்கும் வரி போட்டால் 75,000ஐத் தாண்டிவிடும். உரிமையாளருக்குக் கட்டிய 21,600 ரூபாய் வரியை ஒப்பந்ததாரர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியும்போது, அது செலவே அல்ல. வரி நீங்கிய வாடகையைத்தான் பங்கிட வேண்டும்.

வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டுவதால், பில்லைப் பெறும் நிறுவனம் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கும். ஜிஎஸ்டி தனியே காட்டப்பட்டிருந்தால் 54,000க்கு மட்டும் 5,400 பிடித்து, 58,320 ரூபாய் செலுத்தினால் போதும். ஒப்பந்ததாரர் நிறுவனமும் தன் பங்குக்கு உரிமையாளரின் முழு 1,20,000 ரூபாய்க்கு டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். வசூலான 54,000ஐ அதில் கழிக்க முடியாது.