கடவுச்சொல் விதி மீம்கள்: மறதி பிறக்கும் இடம்

முன்னுரை

பயனர் எழுதும் கடவுச்சொல்லை இணையதளம் மீண்டும் மீண்டும் மறுப்பதும், இறுதியில் ஏற்கப்பட்ட சொல்லை அவரே மறந்துவிடுவதும் இணைய நகைச்சுவையின் நிலையான கருப்பொருள்களுள் ஒன்றாகும். இம்மீம்கள் சுட்டும் மறதி, பயனரின் குறையன்று. விதிகள் அமைந்துள்ள முறையின் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மீமின் அமைப்பு

இவ்வகை மீம்கள் பெரும்பாலும் இரு பகுதிகளைக் கொண்டவை. முதற்பகுதியில் விதிகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், சிறப்புக் குறி வேண்டும் என்று தளம் அடுத்தடுத்துக் கேட்கிறது. நீல் அகர்வால் 2023இல் உருவாக்கிய ‘தி பாஸ்வேர்ட் கேம்’ என்னும் இணைய விளையாட்டு இப்பகுதியை எல்லைவரை நீட்டியது. வழக்கமான விதிகளில் தொடங்கும் அவ்விளையாட்டு, இலக்கங்களின் கூட்டுத்தொகை 25 ஆகவேண்டும் என்றும், அன்றைய நிலவின் நிலையைக் குறிக்கும் படம் வேண்டும் என்றும் கேட்கிறது.

இரண்டாம் பகுதி மறதி பற்றியது. பயனர் கடவுச்சொல்லை மறந்து, புதியதை அமைக்க முயல்கிறார். அப்போது தளம், புதிய கடவுச்சொல் பழையதாக இருத்தல் கூடாது என்கிறது. நகை இங்கே உச்சம் பெறுகிறது.

உச்சத்தின் காரணம்

ஒருவர் `sunflower` என்னும் சொல்லைத் தேர்ந்ததாகக் கொள்வோம். பெரிய எழுத்து கேட்கப்பட, `Sunflower` என்கிறார். எண் கேட்கப்பட, `Sunflower1`. குறி கேட்கப்பட, `Sunflower1!`. அவர் விரும்பித் தேர்ந்தது முதற்சொல் மட்டுமே. எஞ்சியவை தளத்தின் வற்புறுத்தலால் சேர்ந்தவை.

சில வாரங்களுக்குப் பின் சொல் நினைவில் நிற்கிறது, சேர்க்கைகள் நிற்பதில்லை. பெரிய எழுத்து இருந்ததா இல்லையா என இரண்டு ஐயங்கள், எண் எது என மூன்று, குறி எது என மூன்று எனக் கொண்டால், 18 வடிவங்கள் உருவாகின்றன. சில முயற்சிகளிலேயே கணக்கைப் பூட்டிவிடும் தளங்களில் இவையனைத்தையும் சோதிக்க இயலாது.

உள்நுழையும் பக்கத்தில் விதிகள் காட்டப்படுவதில்லை. புதிய கடவுச்சொல் அமைக்கும் பக்கத்தில் காட்டப்படுகின்றன. அங்கே அதே விதிகளைக் கண்ட பயனர், முன்பு போலவே சிந்தித்து `Sunflower1!` என்று எழுதிவிடுகிறார். விதிப்பட்டியலே மறந்ததை நினைவூட்டுகிறது. ஆனால், அது உதவக்கூடாத இடத்தில் உதவுகிறது.

பழைய கடவுச்சொல்லைக் காட்ட இயலாத தளம், இரண்டும் ஒன்றே என்று எவ்வாறு அறிகிறது? முறையாக அமைந்த தளம் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதிலிருந்து கணக்கிடப்பட்ட ‘ஹாஷ்’ மதிப்பையே சேமிக்கிறது. அம்மதிப்பிலிருந்து சொல்லை நேரடியாக மீட்க முடியாது. ஆனால், புதிதாக எழுதப்பட்ட சொல்லையும் அவ்வாறே கணக்கிட்டு, இரு மதிப்புகளையும் ஒப்பிட முடியும்.

விதியும் வலிமையும்

இவ்வளவு தொல்லைக்கு ஈடான பாதுகாப்பு கிடைக்கிறதா என்பது அடுத்த வினா. விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்து எட்டைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தால், ஏறத்தாழ 6.6 × 10^15 வடிவங்கள் அமையும். மனிதர் அவ்வாறு தேர்வதில்லை. பெரிய எழுத்தை முதலிலும், எண்ணையும் குறியையும் இறுதியிலும் வைப்பதே பலரின் வழக்கம். இவ்வழக்கத்தை அறிந்தவர், பழக்கமான 10,000 சொற்களையும் 10 இலக்கங்களையும் 32 குறிகளையும் பெருக்கி, 32 இலட்சம் வடிவங்களைச் சோதித்தால் போதும். ஹாஷ் மதிப்புகள் கசிந்த நிலையில் கணினிக்கு இது சிறு வேலையாகும்.

அதே 10,000 சொற்களிலிருந்து நான்கைக் குலுக்கல் முறையில் தேர்ந்தால் 10^16 வடிவங்கள் கிடைக்கின்றன. இவ்வலிமை, சொற்களைப் பயனர் தாமே தேராமல் குலுக்கலுக்கு விட்டால் மட்டுமே வாய்க்கும். ராண்டல் மன்றோ 2011இல் வெளியிட்ட எக்ஸ்கேசிடி வரைகதை இக்கருத்தை மீம் உலகில் பரப்பியது.

முடிவுரை

அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் 2003இல் எழுதிய வழிகாட்டி இவ்விதிகள் பரவக் காரணமாயிற்று. அதில் கூறிய பலவற்றிற்காகத் தாம் வருந்துவதாக அவர் 2017இல் தெரிவித்தார். அதே ஆண்டில் அந்நிறுவனம், எழுத்து வகைகளைக் கலக்குமாறு கட்டாயப்படுத்த வேண்டா என்றும், முன்பே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு மறுக்க வேண்டும் என்றும் தன் வழிகாட்டியை மாற்றியது. `Sunflower1!` பழைய விதிகள் அனைத்தையும் நிறைவுசெய்யும். கசிந்த பட்டியலில் இருந்தால் புதிய சோதனையில் மறுக்கப்படும். ஆகவே, மீம்கள் கேலிசெய்வது பாதுகாப்பையன்று; பயனருக்கு மறதியையும் தாக்குபவருக்கு எளிமையையும் ஒருங்கே தந்த விதிகளையே ஆகும்.